டைல்ஸ் ஒட்டும் முன் சுவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

எங்கள் வீட்டு பாத்ரூமில் கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், கண்ணாடி லைட் மூன்றுக்கும் பாயிண்ட் கணக்குப் போட்டு எலக்ட்ரீஷியன் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டார். "எல்லாம் போட்டாச்சு சார், டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அங்கேதான் ஏமாந்தேன்.

முதலில் கண்ணாடி லைட். 3 அடி உயரக் கண்ணாடி, தரையிலிருந்து மூன்றரை அடியில் தொடங்குகிறது. அதாவது மேல் விளிம்பு ஆறரை அடி. லைட்டுக்கு 6 அடி 9 அங்குலத்தில் ஒயர் வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவரும் டேப் வைத்துத்தான் அளந்தார். ஆனால் தரை போடாத வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்துவிட்டார். பிறகு ஃபில்லிங், கலவை, டைல்ஸ் என்று தரை 5 அங்குலம் ஏறியது. இப்போது ஒயர் 6 அடி 4 அங்குலத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

கீசர் இன்னும் மோசம். சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் பைப் இரண்டுக்கும் நேர் மேலே சாக்கெட் பாக்ஸை வைத்திருந்தார். 15 லிட்டர் கீசரை மாட்டினால் அதன் உடம்பே பாக்ஸை மூடிவிடும், பிளக் சொருக இடமில்லை. நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் ஓர் அடியாவது தள்ளி, ஷவர் தண்ணீர் தெறிக்காத பக்கமாக வைத்திருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் ஒயரும் லைட் பாயிண்டிலிருந்து கிளை எடுத்த ஒன்றரை ஸ்கொயர் ஒயர். 2000 வாட் கீசர் 9 ஆம்ப்ஸ் அளவு இழுக்கும். அதற்கு மெயின் பாக்ஸிலிருந்து தனியாக இரண்டரை ஸ்கொயர் ஒயர், தனி எம்சிபி, எர்த் எல்லாம் வரவேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் செய்தது சுத்தமான ஏமாற்று வேலை. வென்டிலேட்டர் பக்கத்தில் பாக்ஸ் இருந்தது. ஒயர் இழுக்க ஸ்பிரிங் விட்டால் ஓர் அடியில் முட்டி நின்றது. அதற்கு மேல் பைப்பே இல்லை! கேட்டதற்கு, "கொத்தனார் உடைச்சிருப்பார் சார்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

வேறு ஆளை வைத்து நான்கு டைல்ஸ் உடைத்தோம். கடையில் அதே டிசைன் கிடைத்தது, ஆனால் வேறு பேட்ச். நிறம் ஒரு மாற்று குறைவு. எக்ஸாஸ்ட் ஒயர் இன்றும் டைல்ஸுக்கு மேலே கேசிங் பட்டையில்தான் ஓடுகிறது.

மாடி பாத்ரூமில் நானே நின்றேன். தரை எங்கே வந்து முடியும் என்று மேஸ்திரியிடம் கேட்டு, அந்த மட்டத்திலிருந்து 3 அடி உயரத்தில் நான்கு சுவரிலும் கோடு அடிக்கச் சொன்னேன். எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளந்தோம். வாஷ்பேசினின் நடு, கண்ணாடியின் நான்கு மூலை, கீசரின் அகல உயரம் எல்லாவற்றையும் சாக்பீஸில் சுவரிலேயே வரைந்த பிறகுதான் காடி வெட்ட விட்டேன். பூசுவதற்கு முன் ஒவ்வொரு பைப்பிலும் ஸ்பிரிங் விட்டு மறுமுனையில் எட்டிப் பார்ப்பதைக் கண்ணால் கண்டு, சுவரில் டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோவும் எடுத்தேன். மாடி வேலைக்கு வந்த புது எலக்ட்ரீஷியனுக்குப் பாயிண்ட் பணத்தில் பாதியை டைல்ஸ் ஒட்டி, ஒயர் இழுத்து, பல்ப் எரிந்த பிறகுதான் கொடுத்தேன். முகம் சுளித்தார், ஆனால் மூன்று பாயிண்டும் சரியாக வந்தன.