மீட்டிங்கில் கேமரா தெரியவில்லையா? லேப்டாப்பைக் கழற்றக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பழுதே இல்லாத கேமராவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி, அதற்கு என்னிடம் பணமும் வாங்கிக்கொண்டார்கள். போதாததற்கு, அதுவரை ஒழுங்காக இருந்த ஃபேஸ் லாகினையும் கெடுத்துக் கொடுத்தார்கள். இதே பிரச்சினைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முந்தைய நாள் மாலை வரை வீடியோ நன்றாக வந்தது. மறுநாள் காலை மீட்டிங்கில் நுழைந்தால் கேமரா இல்லை என்றது. விண்டோஸின் கேமரா ஆப்பைத் திறந்தால் `0xA00F4244 NoCamerasAreAttached` என்று வந்தது. ரீஸ்டார்ட் செய்தும் அதேதான். அவசர வேலை இருந்ததால் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன்.

அங்கிருந்தவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். கேமரா வரிசையே அதில் இல்லை. `Show hidden devices` கொடுத்ததும் கேமராவின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. உடனே அதை அன்இன்ஸ்டால் செய்தார். செய்யும்போது கேட்ட `Attempt to remove the driver for this device` கட்டத்திலும் டிக் போட்டார். ரீஸ்டார்ட் செய்தார், கேமரா வரவில்லை. "மாட்யூல் போயிடுச்சுங்க, மாத்தணும்" என்றார். மாற்றினார்கள். புது மாட்யூலும் வரவில்லை. அப்போதாவது தங்கள் கணிப்பைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அவர்களோ, போர்டில் லைன் போயிருக்கும், போர்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் நான் சம்மதிக்கவில்லை. பழைய மாட்யூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு லேப்டாப்பை இன்னொரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன்.

இவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, லேப்டாப்பின் பக்கவாட்டில், யூஎஸ்பி துளைக்கு அருகில் இருந்த ஒரு குட்டி ஸ்விட்சை நகர்த்தினார். புது சாதனம் செருகினால் வருமே, அந்த ஒலி கேட்டது. `Cameras` என்ற பிரிவு பட்டியலில் தானாக முளைத்தது. அப்புறம் என் கையில் இருந்த பழைய மாட்யூலை மாட்டிப் பார்த்தார். அதுவும் வேலை செய்தது. பையில் வைக்கும்போதோ எடுக்கும்போதோ அந்த ஸ்விட்ச் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமலோ மறைத்தோதான் பணம் பிடுங்குகிறார்கள். லேப்டாப்பில் கேமராவை மறைக்கும் வசதி இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, லென்ஸுக்கு முன்னால் நகரும் சின்ன மூடி. அதை மூடினால் கேமரா கம்ப்யூட்டருக்குத் தெரியும், படம் மட்டும் கறுப்பாக வரும். சில மாடல்களில் குறுக்குக்கோடு போட்ட கேமரா படம் வரும். இன்னொன்று மின்சார ஸ்விட்ச். பெரும்பாலான லேப்டாப்களில் கேமரா உள்ளுக்குள்ளே யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. பக்கவாட்டு ஸ்விட்சோ, மேல்வரிசையில் கேமரா படம் போட்ட விசையோ, சில மாடல்களில் அந்த இணைப்பையே துண்டித்துவிடும். விண்டோஸைப் பொறுத்தவரை கேமராவை யாரோ பிடுங்கி எடுத்துவிட்ட மாதிரிதான். அதனால்தான் டிவைஸ் மேனேஜரில் பெயர் மங்குகிறது. அதன் மேல் இரட்டை க்ளிக் செய்தால் `Code 45` என்று காட்டும், அதாவது இப்போது இணைக்கப்படவில்லை. பழுதாகிவிட்டது என்று அந்த எண் சொல்லவே இல்லை.

ஆகவே கறுப்புப் படம் வருகிறதா, கேமராவே இல்லை என்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கறுப்பு என்றால் மூடியைப் பாருங்கள். இல்லவே இல்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்விட்சையும் கேமரா விசையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். விசையை அழுத்தும்போது சில லேப்டாப்களில் `Fn` சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்திருங்கள். பட்டியலில் கண் வைக்கச் சிரமமாக இருந்தால் பவர்ஷெல்லில் இதைக் கொடுக்கலாம்:

```
Get-PnpDevice -Class Camera,Image
```

கேமரா இணைந்திருந்து நலமாக இருந்தால் `Status` பகுதியில் `OK` என்று வரும். துண்டிக்கப்பட்டிருந்தால் `Unknown` என்று வரும். ஸ்விட்சின் இரண்டு நிலையிலும் எந்த மாற்றமும் இல்லை என்றால், பயாஸ் அமைப்பிலும் உள்கேமராவை அணைக்கும் ஒரு தேர்வு இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் கேபிள், மாட்யூல் என்ற பேச்சுக்கே இடம். உண்மையான கேபிள் பழுதுக்கு ஓர் அடையாளம் உண்டு. திரையைச் சாய்க்கச் சாய்க்க கேமரா வந்து வந்து போகும், ஏனென்றால் அந்த கேபிள் கீல் வழியாகத்தான் போகிறது. என் லேப்டாப்பில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கடையில் யாரும் அதைச் சோதிக்கவும் இல்லை.

ஸ்விட்சைப் போட்டதோடு என் பிரச்சினை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. கேமரா ஆப்பில் படம் வந்தது, மீட்டிங்கில் வரவில்லை. முதல் கடையில் டிரைவரை அழித்ததன் விளைவு அங்கேதான் வெளிப்பட்டது. தயாரிப்பாளரின் டிரைவர் போனதும், விண்டோஸ் தன்னிடம் உள்ள பொதுவான யூஎஸ்பி வீடியோ டிரைவரைப் போட்டுக்கொண்டது. அதில் கேமரா ஓடும், ஆனால் வேறு பெயரில். மீட்டிங் ஆப் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ஆப்பின் வீடியோ அமைப்பில் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் படம் வந்தது.

இந்த இடத்தில் அனுமதிகளையும் சொல்லிவிடுகிறேன். கேமரா ஆப்பில் படம் வந்து மீட்டிங்கில் மட்டும் வரவில்லை என்றால் வன்பொருளுக்கும் டிரைவருக்கும் வேலை இல்லை, அவற்றைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11-இல் `Settings` போய் `Privacy & security`, அதில் `Camera`. மேலே `Camera access`, அடுத்து `Let apps access your camera`, இன்னும் கீழே போனால் `Let desktop apps access your camera`. பலர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். வழக்கமாக இன்ஸ்டால் செய்த மீட்டிங் ஆப்களும் பிரவுசர்களும் கட்டுப்படுவது மூன்றாவதுக்கு. பிரவுசர் வழியாக மீட்டிங் என்றால், அந்தத் தளத்துக்கான அனுமதி தனி, முகவரிப் பட்டையில் பார்க்க வேண்டும். அங்கே ஒருமுறை தவறுதலாக மறுத்திருந்தால், மாற்றும் வரை மறுப்பு அப்படியே இருக்கும். கேமராவை வேறொரு ஆப் பிடித்து வைத்திருந்தாலும் மீட்டிங்குக்குக் கிடைக்காமல் போகலாம். சில ஆன்டிவைரஸ்களில் வெப்கேம் பாதுகாப்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதுவும் தடுக்கும்.

சரி, மீட்டிங் வந்துவிட்டது. ஆனால் ஃபேஸ் லாகின் போனது போனதுதான். விண்டோஸ் ஹலோவுக்குப் பொருத்தமான கேமரா இல்லை என்றது. முகத்தைப் பார்க்கும் அகச்சிவப்புக் கேமராவை ஹலோவோடு இணைக்கும் தகவல் என் லேப்டாப்பில் தயாரிப்பாளரின் டிரைவரில்தான் இருந்தது. பொதுவான டிரைவரில் அது இல்லை. எனக்காவது சாதாரணப் படம் திரும்பி வந்தது. சில புது லேப்டாப்களில் கேமரா யூஎஸ்பியில் இல்லாமல் நேரடியாகப் பிராசசரோடு இணைந்திருக்கும். அவற்றுக்கு விண்டோஸின் பொது டிரைவர் கைகொடுக்காது. அங்கே அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் நல்ல கேமராவும் செத்ததுபோலவே கிடக்கும். உண்மையான காரணத்தின் மேல் இரண்டாவது பழுது ஒன்றை உண்டாக்கிவிட்டு, வாடிக்கையாளரிடம் ஹார்ட்வேர் போச்சு என்று சொல்ல இது வசதியாகிவிடுகிறது. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான்.

டிரைவரைத் தொட்டே ஆக வேண்டிய நிலை எப்போது? ஸ்விட்ச் சரி, பட்டியலில் கேமரா மங்காமல் இருக்கிறது, ஆனால் மஞ்சள் குறியோடு `Code 10`, `Code 43` மாதிரி ஏதாவது வருகிறது, கேமரா ஆப்பிலும் படம் இல்லை. அப்போதுதான். `Code 22` என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும். விண்டோஸ் அப்டேட் வரலாற்றில் அந்த நாளில் கேமரா டிரைவர் மாறியிருப்பது தெரிந்தால், `Driver` பக்கத்தில் `Roll Back Driver` முதலில். எதையும் நீக்குவதற்கு முன், இருக்கும் டிரைவர்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலை நிர்வாகி உரிமையோடு திறந்து, அந்த ஃபோல்டரை முன்பே உருவாக்கிவிட்டு:

```
pnputil /export-driver * D:\drivers
```

பிறகு டிக் போடாமல் அன்இன்ஸ்டால் செய்து, `Scan for hardware changes` கொடுத்துப் பாருங்கள். நிறைய நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால்தான் டிக். அதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான சிப்செட் டிரைவரும் கேமரா டிரைவரும் டவுன்லோடாகிக் கையில் இருக்க வேண்டும். திரும்பப் போடும்போது சிப்செட் முதலில், ரீஸ்டார்ட், அடுத்து கேமரா, மறுபடி ரீஸ்டார்ட். கேமரா எந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறதோ அது முதலில் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த வரிசை. பிராசசரோடு நேரடியாக இணைந்த கேமராவுக்கு இடையில் சீரியல் ஐஓ டிரைவரும் உண்டு. கண்ட தளத்தில் கிடைக்கும் டிரைவர் அப்டேட்டர் எதையும் போடாதீர்கள்.

இரண்டாவது டெக்னீஷியன் எனக்கு இதே வரிசையில்தான் போட்டுக் கொடுத்தார். கடைசியில் முகத்தை மறுபடி பதிவு செய்ததும் ஃபேஸ் லாகின் திரும்பியது.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே ஒரு வெளிக் கேமராவை யூஎஸ்பியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். அது மீட்டிங்கில் வந்தால் விண்டோஸும் முக்கிய அனுமதிகளும் சரி, கோளாறு உள்கேமராவின் பக்கம் என்று தெரியும். பிறகு ஸ்விட்சை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், பில்லில் என்ன மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். பழைய மாட்யூல் என் கையில் இருந்ததால்தான், அது ஓடுவதை அந்தக் கடையிலேயே காட்ட முடிந்தது. பாகத்தின் விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலைக்கூலியைத் தர மறுத்துவிட்டார்கள், அதற்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.