நினைவில் நிற்கும் ஒரு வரியைச் சொல்லிப் பாட்டைத் தேடுவது: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

பாட்டின் முதல் வரி மறந்துவிடும், பாடியவர் யார் என்று தெரியாது, நடுவிலிருந்து ஒரு வரி மட்டும் நாக்கில் நிற்கும். அந்த வரியை மைக்கில் சொல்லித் தேடுவது எங்கள் வீட்டில் சில வருடங்களாகவே வழக்கம். போன், டிவி ரிமோட், பாட்டுக் கேட்கும் ப்ளூடூத் காதுக்கருவி என்று எல்லாவற்றிலும் சொல்லிப் பார்த்திருக்கிறோம். ஒரே வரி காலையில் கிடைக்கும், மாலையில் கிடைக்காது. அம்மா சொன்னால் ஒரு முடிவு, நான் சொன்னால் வேறு முடிவு. ஏன் இப்படி என்று கவனித்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வரியைச் சொல்லித் தேடும்போது கருவி பாட்டைத் தேடுவதில்லை. நம் குரலை எழுத்தாக மாற்றிவிட்டு, அந்த எழுத்தைத்தான் தேடுகிறது. கடையில் ஓடும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளின் வேலை வேறு. அவை பதிவான ஒலியின் அடையாளத்தை அப்படியே ஒப்பிடுபவை, நாம் வாயால் சொல்வது அவற்றுக்குப் பயன்படாது. 2020 அக்டோபரில் கூகுள் கொண்டுவந்த முணுமுணுப்புத் தேடலும் வேறு, அதற்கு மெட்டுதான் முக்கியம், வார்த்தை வேண்டியதில்லை. நான் சொல்வது வார்த்தைத் தேடலை மட்டும். அதனால் முடிவு தப்பாக வந்தால் நான் முதலில் பார்ப்பது தேடல் பெட்டியில் விழுந்த எழுத்தைத்தான். எழுத்து சரியாக இருந்தும் பாட்டு வரவில்லையென்றால் அது தேடலின் பிரச்சினை. எழுத்தே மாறியிருந்தால் கருவி கேட்டதில் பிரச்சினை. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்துவதில் பயனில்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். பாரதியின் ‘காக்கைச் சிறகினிலே நந்தலாலா’. 1982-இல் வந்த ‘ஏழாவது மனிதன்’ படத்தில் யேசுதாஸ் பாடியது பலருக்கு நினைவிருக்கும். முதல் வரி தெரிந்தவர்களுக்குத் தேடுவதில் சிரமமே இல்லை. ஆனால் நினைவில் நிற்பது பெரும்பாலும் பின்னால் வரும் வரிகள்: ‘கேட்கும் ஒலியிலெல்லாம் நந்தலாலா, நின்றன் கீத மிசைக்குதடா’, அப்புறம் ‘தீக்குள் விரலைவைத்தால் நந்தலாலா, நின்னைத் தீண்டு மின்பந் தோன்றுதடா’. இந்த வரிகளில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

‘ஒலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி, ஒளி, ஒழி மூன்றும் தனித்தனி வார்த்தைகள், மூன்றும் அன்றாடம் புழங்குபவை. நம்மில் பலர் பேச்சில் ழகரத்தை ளகரமாகச் சொல்கிறோம், தெற்கே இது இன்னும் அதிகம். வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ ஆக்கும் சென்னைப் பேச்சையும் கேட்டிருப்பீர்கள். லகரத்தையும் ளகரத்தையும் வேகத்தில் கலந்துவிடுவோம். எதிரில் இருப்பவருக்கு இது சிரமமே இல்லை, பேச்சின் போக்கை வைத்துப் புரிந்துகொள்வார். கருவியும் அதையேதான் செய்யப் பார்க்கிறது. எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரும் என்ற கணக்கை வைத்து ஊகிக்கிறது. ‘ஒளியில்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது ஒளியாகவே நிற்கும். ‘கேட்கும் ஒளியில் எல்லாம்’ என்று முழுக்கச் சொன்னால், திரையில் முதலில் ‘ஒளி’ என்று விழுந்த எழுத்து, வரி முடியும்போது ‘ஒலி’ என்று மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘கேட்கும்’ என்ற சொல்தான் அதைத் திருத்துகிறது. அதனால் இரண்டு சொல் போதும் என்று விடாமல், தெரிந்தவரை முழு வரியையும் சொல்வதே நல்லது.

ஆனால் அதே ஊகம் நம்மைக் கவிழ்க்கவும் செய்யும். ‘நின்றன்’ என்ற சொல் இன்று பேச்சில் இல்லை. கருவிக்கு நன்றாகத் தெரிந்தது ‘நின்றான்’. பாட்டில் அந்த இடத்தை இழுத்துப் பாடுவதால், நாமும் அந்த நினைவில் இழுத்துச் சொல்வோம். குறில் நெடிலாகும், ‘நின்றான் கீதம்’ என்று எழுத்து விழும். பழைய பாட்டு, பக்திப் பாட்டு, கவிதையாக எழுதிய பாட்டு எல்லாவற்றிலும் இதே கதைதான். அரிதான சொல் அதன் பக்கத்திலிருக்கும் சாதாரணச் சொல்லாக மாறிவிடும். எனக்குப் பலன் தந்த வழி, அந்தச் சொல்லையே விட்டுவிடுவது. ‘நின்றன்’ இல்லாமல் ‘கேட்கும் ஒலியில் எல்லாம் கீதம்’ என்று சொன்னாலே பாட்டு வந்துவிடுகிறது. ஒரு சொல் குறைந்தால் தேடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், தப்பான சொல் ஒன்று உள்ளே வந்தால் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது அடுத்த விஷயம். ‘கீதம் இசைக்குதடா’ என்பதைப் பாடும்போது புணர்ச்சியோடு ‘கீத மிசைக்குதடா’ என்றுதான் வரும். மகரம் அடுத்த சொல்லில் ஒட்டிக்கொள்ளும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் நாமும் நிறுத்தி ‘கீத… மிசைக்குதடா’ என்று சொன்னால், திரையில் ‘மீசை’ வந்து நிற்கிறது. இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது, அதன் காதில் விழுந்தது அதுதான். பேச்சைக் கேட்டுப் பழகியது பாட்டின் இழுப்பையும் ஏற்ற இறக்கத்தையும் சரியாகப் பிரிக்காது. அதனால் பாட்டை மனதில் ஒருமுறை ஓட்டிவிட்டு, பிறகு அதைப் பாட்டாக நினைக்காமல், பள்ளிக்கூடத்தில் பத்தி வாசிப்பது போல வாசிக்கிறேன்: கீதம், இசைக்குதடா. தீண்டும், இன்பம். சந்தியைப் பிரித்து, ஒரே சுருதியில், இயல்பான வேகத்தில். பாட்டு வரிகளை இணையத்தில் ஏற்றியவர்களும் பெரும்பாலும் சொல் பிரித்தே எழுதியிருப்பதால், தேடும் இடத்திலும் இது பொருந்துகிறது.

நிறுத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த சொல்லை யோசித்து ஒரு கணம் நின்றாலே, பேச்சு முடிந்துவிட்டது என்று கருவி கதவைச் சாத்திவிடும். அப்பாவுக்கு இதுதான் அடிக்கடி நேரும். மைக்கைத் தொட்டபிறகுதான் யோசிப்பார். இப்போது முதலில் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் தொடுகிறார், பாதி வரியோடு தேடல் போவது நின்றுவிட்டது.

இனி சத்தம். எங்கள் சமையலறையில் அம்மா ‘தீக்குள் விரலை வைத்தால்’ என்று சொன்னபோது விழுந்த எழுத்து ‘வீட்டுக்குள் விரலை வைத்தால்’. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் அதே அம்மா அதே வரியைச் சொன்னபோது சரியாக வந்தது. இரண்டுமே சத்தம்தான், ஆனால் ஒரே மாதிரிச் சத்தம் இல்லை. மின்விசிறியின் சத்தம் தாழ்ந்தது, மாறாமல் ஒரே சீராக ஓடுவது. போனில் இருக்கும் இரைச்சல் குறைப்பு அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். இயல்பான பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். மிக்ஸி பக்கத்தில் 80-ஐத் தாண்டும், அதன் இரைச்சல் மேல் அலைவரிசை வரை பரந்து கிடக்கும். க், ச், த், ட் போன்ற ஒலிகள் மிகச் சிறிய நேரமே நீடிக்கும் மெல்லிய வெடிப்புகள், இரைச்சலில் முதலில் மூழ்குவது அவைதான். உயிரொலிகள் தப்பித்துவிடும். ‘தீக்குள்’ளில் தகரமும் ககரமும் போய்விட்டால் மிஞ்சுவது ஈயும் உள்ளும் மட்டுமே. மிச்சத்தைக் கருவி தனக்குத் தெரிந்த சொல்லால் நிரப்பிக்கொள்கிறது. ல, ள, ழ வித்தியாசமும் ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் கேட்கிறது. மிக்ஸி அந்தப் பகுதியை அடைத்துக்கொள்வதால், திருத்தமாக உச்சரித்தும் பயனில்லாமல் போகிறது.

அதே சத்தத்தில் ‘நந்தலாலா’ மட்டும் ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொள்கிறது. ந, ந், லா எல்லாம் குரல் ஓடும் ஒலிகள், நெடில் வேறு இரண்டு இருக்கிறது. தவிர இது வேறு பாட்டுகளில் அதிகம் வராத சொல். சத்தமான இடத்தில் தேட வேண்டியிருந்தால், வரியில் இப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்து, அதோடு ‘பாடல் வரிகள்’ என்று சேர்த்துச் சொல்கிறேன். சத்தம் குறையும்வரை காத்திருப்பதைவிட இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மிக்ஸியைவிட மோசமானது டிவியில் ஓடும் பேச்சு. சத்தம் குறைவாக இருந்தாலும் அதுவும் மனிதக் குரல், எதைக் கழிப்பது என்று கருவிக்குத் தெரியாது. நாம் சொன்னதற்கு நடுவில் செய்தி வாசிப்பவரின் சொல் ஒன்று புகுந்துவிடும். நாம் நிறுத்தினாலும் டிவி பேசிக்கொண்டே இருப்பதால் கேட்பதையும் நிறுத்தாது. பெட்டியில் நாம் சொல்லவே சொல்லாத சொல் இருந்தால், பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

சத்தமாகச் சொன்னால் சரியாகிவிடும் என்று எல்லோரும் கத்துகிறார்கள். கத்தும்போது குறில்கள் நீளும், சுருதி ஏறும், நின்றன் மறுபடியும் நின்றான் ஆகும். போனை அருகில் கொண்டுவருவதுதான் சரியான வழி. தூரம் பாதியானால் நம் குரல் மைக்கில் சுமார் 6 டெசிபல் கூடும், சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். ஒரு மீட்டரிலிருந்து கால் மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். மூச்சுக்காற்று நேராக மைக்கில் அடிக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

காதுக்கருவி போட்டுச் சொன்னால் நம் குரல் இன்னும் தெளிவாகப் போய்ச் சேரும் என்பது பலருடைய நம்பிக்கை. பழைய ப்ளூடூத் கருவிகளில் நடப்பது நேர்மாறு. மைக் வேலை செய்யும்போது அவற்றில் பல நம் குரலிலிருந்து நொடிக்கு 8000 மாதிரிகள் மட்டுமே எடுத்து அனுப்புகின்றன, அதாவது அதில் பாதியான 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போய்ச் சேராது. சகரத்தின் சீற்றம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ‘சிறகினிலே’ போன்ற சொற்கள் காதுக்கருவியில் மட்டும் சொதப்பினால், அதைக் கழற்றிவிட்டு நேராகப் போனில் சொல்லிப் பாருங்கள்.

மொழி அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் ஏதோ ஆங்கிலச் சொற்கள்தான் விழும். குரல் உள்ளீட்டின் மொழிப் பட்டியல் பலவற்றில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று தனித்தனியாக இருக்கும், உங்கள் பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவ்வளவு செய்தும் கிடைக்காத பாட்டுகள் உண்டு. வரிகளை யாரும் எழுத்தில் ஏற்றாத பாட்டென்றால், பெட்டியில் ஒவ்வொரு எழுத்தும் சரியாக விழுந்திருந்தும் முடிவு வராது. திருவிழாவில் மட்டும் கேட்ட நாட்டுப்புறப் பாட்டுகள் எனக்கு அப்படித்தான் ஆகின்றன. எழுத்து சரியாக இருப்பதைப் பார்த்தவுடனே நான் வரியை விட்டுவிட்டு, மெட்டை 10 முதல் 15 நொடி முணுமுணுத்துத் தேடும் பக்கம் போய்விடுகிறேன். பதிவான பாட்டாக இருந்தால் அதில் சில கிடைத்திருக்கின்றன.