சாப்பாட்டை ஒரே கேள்வியில் கேட்கலாமா, வேளைக்கு ஒன்றாகக் கேட்கலாமா?

நாகர்கோவிலில் வெள்ளி, சனி இரண்டு நாளும் நடக்கும் பயிலரங்குக்குக் கூகுள் ஃபார்மில் பதிவு வாங்கினோம். சாப்பாட்டைக் கேட்க மூன்று வழி இருந்தது: காலிப் பெட்டி வைத்து எழுதச் சொல்வது, சைவமா அசைவமா என்று ஒரே கேள்வி, ஒவ்வொரு வேளைக்கும் தனிக் கேள்வி. நான் எடுத்தது மூன்றாவது.

காலிப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒருவர் 'வெஜ்' என்பார், இன்னொருவர் 'எதுவானாலும் சரி' என்பார். கடைசியில் யாராவது உட்கார்ந்து கையால் எண்ண வேண்டும்.

ஒரே கேள்வி பார்க்க எளிது. ஆனால் நம் மாவட்டத்தில் அதை நம்ப முடியாது. வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாக இருக்கும் வீடுகள் நிறைய. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், மீன் சாப்பிடுவார்கள். இவர்கள் எல்லாருமே 'அசைவம்' என்றுதான் குறிப்பார்கள்.

120 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கேள்வியில் 40 சைவம், 80 அசைவம் வருகிறது. வெள்ளி மதியத்தைத் தனியாகக் கேட்டால் சைவம் 58, மீன் 52, சாப்பாடு வேண்டாம் 10 என்று வரலாம். முதல் கணக்கை நம்பி 80 துண்டு மீன் பொரித்தால் 28 துண்டு மிச்சம்.

சமையல்காரருக்குத் தேவை இரண்டு எண்கள்தான். சோறு, பருப்பு, சாம்பார், அவியல் எல்லாருக்கும் பொது என்பதால் முதலில் மொத்த இலை, இங்கே 110. அப்புறம் மீன் துண்டு, 52. சைவம் 58, அசைவம் 52 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அவியலை 58 பேருக்கு மட்டும் வைத்துவிடும் ஆபத்து உண்டு.

கூகுள் ஃபார்மில் 'Multiple choice grid' வைத்தால் ஒவ்வொரு வேளையும் ஷீட்டில் தனி நெடுவரிசையாக விழும். வெள்ளி மதியம் C நெடுவரிசையில் இருந்தால்:

```
=COUNTIF(C2:C,"மீன்")
```

சைவம், மீன், வேண்டாம் மூன்றையும் கூட்டினால் பதிவு எண்ணிக்கை வர வேண்டும். குறைந்தால் யாரோ ஒரு வேளையை விட்டிருக்கிறார்கள். 'Require a response in each row' போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. தொல்லை ஒன்று உண்டு: கைபேசியில் கட்டம் நீண்டால் ஓரத்து விடைகள் திரைக்கு வெளியே போய்விடும். அதனால் விடைகள் மூன்றைத் தாண்டாமல் வைத்தேன்.

ஒவ்வாமைக்கு மட்டும் காலிப் பெட்டியே சரி. இறால் ஆகாது என்பவரை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது, பெயரோடு சமையல்காரரிடம் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் இலை போட்டுப் பந்தி வைக்கும்போது. பஃபே வைத்து நான் நடத்தியதில்லை. அங்கே சைவம் குறித்தவரும் மீன் எடுக்கலாம், 52 துண்டு நிற்குமா என்பது சந்தேகம்தான். பந்தியிலும் மீனுக்குத் தனி டோக்கன் கொடுத்துவிடுவது நல்லது.