ஐந்து எண்களை அடுக்க எத்தனை ஒப்பீடு? நான்கு முறைகளும் ஒரு மரமும்

வேறு வேறான ஐந்து எண்கள் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு நமக்குத் தெரியாது, ஏதாவது இரண்டை எடுத்து "இதில் எது சிறியது?" என்று மட்டும் கேட்கலாம். எப்படிப்பட்ட வரிசையில் வந்தாலும் அடுக்கி முடிக்க, மோசமான நிலையில் எத்தனை கேள்வி தேவைப்படும்?

எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே அடுக்கியவற்றில் உரிய இடத்தில் செருகும் சாதாரண இன்செர்ஷன் சார்ட்டுக்கு 10. செருகும் இடத்தை, நடுவில் ஒப்பிட்டுப் பாதி பாதியாகக் குறைக்கும் பைனரி சர்ச் வழியாகத் தேடினால், அதாவது பைனரி இன்செர்ஷனில், 8. இரண்டு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கிப் பிறகு இணைக்கும் மெர்ஜ் சார்ட்டுக்கும் 8. ஃபோர்டும் ஜான்சனும் 1959இல் வெளியிட்ட மெர்ஜ் இன்செர்ஷன் முறைக்கு 7. ஆறு கேள்வியில் முடிக்கும் முறை இதுவரை வரவில்லை, இனி வரவும் முடியாது. இதை உறுதியாகச் சொல்ல எல்லா முறைகளையும் சோதிக்க வேண்டியதில்லை. எல்லா முறைகளுக்கும் பொதுவான ஒரு வடிவத்தைப் பார்த்தாலே போதும்.

அந்த வடிவம்தான் தீர்மான மரம். முதலில் கேட்கும் ஒப்பீடு வேர். 'சிறியது' என்று பதில் வந்தால் இடக்கிளை, 'பெரியது' என்றால் வலக்கிளை. ஒவ்வொரு கிளையிலும் அடுத்த ஒப்பீடு. இனி கேட்க ஒன்றுமில்லை, வரிசை தெரிந்துவிட்டது என்ற இடம் இலை. ஒப்பீட்டை மட்டுமே நம்பும் எந்த முறையையும் இப்படி விரித்து வரைந்துவிடலாம். மோசமான நிலையில் ஆகும் ஒப்பீடுகள் என்பது வேரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இலையின் ஆழம்.

ஐந்து எண்கள் 5! = 120 விதமான வரிசைகளில் வரலாம். அவற்றில் இரண்டு வரிசைகள் ஒரே இலையில் போய் முடிந்தால், அந்த முறைக்கு அவற்றுக்குள் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி இடம் மாற்றி வைக்கும். ஒன்றுக்காவது விடை தப்பாகிவிடும். ஆகவே குறைந்தது 120 இலைகள் வேண்டும். ஆறு ஒப்பீட்டு ஆழத்தில் அதிகபட்சம் 64 இலைகள்தான் கிடைக்கும், ஏழில் 128. அதனால் ஏழுக்குக் கீழே வழியே இல்லை. எண்களின் எண்ணிக்கை n என்றால், இலைகள் n!, ஆழம் குறைந்தது log2(n!).

இதையே வேறு கோணத்திலும் பார்க்கலாம்; எனக்கு இதுதான் இன்னும் தெளிவாகப் படுகிறது. பதில் சொல்பவர் எண்களை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை என்று வையுங்கள். நீங்கள் கேட்கக் கேட்க, மிச்ச வரிசைகள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பதிலையே அவர் சொல்கிறார். 120இல் குறைந்தது 60 மிஞ்சும், அப்புறம் 30, 15, 8, 4, 2, 1. ஏழாவது பதில் வரும்வரை ஒரே வரிசைக்கு வந்து சேர முடியாது.

சரி, எல்லை 7 என்றால் பைனரி இன்செர்ஷன் எங்கே ஒன்றைக் கோட்டைவிடுகிறது? இரண்டாவது எண்ணைச் செருக 2 இடங்கள்: ஒரு ஒப்பீடு. மூன்றாவதற்கு 3 இடங்கள்: இரண்டு ஒப்பீடு. நான்காவதற்கு 4 இடங்கள்: இரண்டு. ஐந்தாவதற்கு 5 இடங்கள்: மூன்று. மொத்தம் 8. இரண்டு ஒப்பீடு 4 இடங்களைப் பிரித்தறியும், மூன்று ஒப்பீடு 8 இடங்களை. ஆனால் இங்கே அவற்றை 3 இடங்களுக்கும் 5 இடங்களுக்கும் செலவழிக்கிறோம். மெர்ஜ் சார்ட்டிலும் இதே கதைதான். மூன்று எண்களின் 6 வரிசைகளுக்கு 3 ஒப்பீடு, இரண்டு எண்களுக்கு 1, பிறகு இரண்டு பகுதிகளையும் இணைக்கும் 10 வழிகளுக்கு 4. கேள்விகள் பாதி பாதியாகப் பிரிக்காத இடத்தில்தான் எல்லைக்கும் முறைக்கும் இடைவெளி விழுகிறது.

மெர்ஜ் இன்செர்ஷன் அந்த இடைவெளியைக் குறிவைத்து அடைக்கிறது. எண்களை அ, ஆ, இ, ஈ, உ என்று வைப்போம். முதலில் அ-ஆ, இ-ஈ என இரண்டு ஜோடிகளை ஒப்பிடுகிறது. பிறகு அந்த ஜோடிகளின் பெரியவர்களை மோதவிடுகிறது. அ < ஆ, இ < ஈ, ஆ < ஈ என்று வந்ததாக வைப்போம். வேறு மாதிரி வந்தால் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். மூன்று ஒப்பீட்டில் அ < ஆ < ஈ என்ற சங்கிலி கிடைத்தது. இ எங்கோ ஈ-க்குக் கீழே இருக்கிறது. மிச்சமுள்ள வரிசைகள் சரியாக 15. நான்கு ஒப்பீடு 16 வரை பிரித்தறியும் என்பதால் நம்பிக்கை இருக்கிறது.

இப்போது இ-யை முதலில் செருகத் தோன்றும். அதற்கு 3 இடங்கள், மறுபடி அதே விரயம். அதற்குப் பதில் உ-வை மூன்று எண் சங்கிலியில் செருக வேண்டும்: 4 இடங்கள், ஆ-வோடு தொடங்கினால் சரியாக இரண்டு ஒப்பீடு. பிறகு இ. அது ஈ-க்குக் கீழேதான் இருக்க வேண்டும். அங்கே இருப்பவை அ, ஆ, ஒருவேளை உ. அதிகபட்சம் 4 இடங்கள், இரண்டு ஒப்பீடு. 3 + 2 + 2 = 7. செருகும் வரிசையை மாற்றியதிலேயே ஒரு ஒப்பீடு மிச்சம்.

ஏற்கெனவே அடுக்கி வந்த ஐந்து எண்களை இன்செர்ஷன் சார்ட் நாலே ஒப்பீட்டில் முடித்துவிடுகிறதே, எல்லை உடைந்துவிட்டதா என்று கேட்கலாம். இல்லை. அந்த மரத்தில் ஆழம் 4 உள்ள ஓர் இலை இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு விலையாக வேறு இலைகள் 10 வரை கீழே போகின்றன. 120 வரிசைகளுக்கும் சராசரி எடுத்தால் இன்செர்ஷன் சார்ட்டுக்குச் சுமார் 7.72 வருகிறது. 120 இலைகள் கொண்ட எந்த மரத்துக்கும் சராசரி 832/120, அதாவது சுமார் 6.93க்குக் கீழே போகாது. உங்கள் தரவு பெரும்பாலும் அடுக்கியே வருகிறது என்றால் அந்தக் குட்டை இலை உண்மையான லாபம், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை கூடும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1000 எண்களுக்கு log2(1000!) சுமார் 8529.4, ஆக எல்லை 8530. மெர்ஜ் சார்ட் மோசமான நிலையில் 8977. பைனரி இன்செர்ஷனும் அதே 8977. சாதாரண இன்செர்ஷன் 4,99,500. ஒப்பீட்டில் சமமாக நிற்கும் முதல் இரண்டில் நான் மெர்ஜ் சார்ட்டையே எடுப்பேன். பைனரி இன்செர்ஷன் ஒவ்வொரு செருகலுக்கும் மற்ற எண்களை நகர்த்த வேண்டும். மரம் அந்த வேலையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மரம் ஒப்பீட்டை மட்டுமே கணக்கிடுவதால் கவுண்டிங் சார்ட் போன்றவை இந்த எல்லைக்குள் வருவதில்லை. அவை எண்ணின் மதிப்பையே முகவரியாக எடுத்துக்கொள்கின்றன. ஒரே படியில் இரண்டுக்கு மேற்பட்ட கிளைகள் பிரிகின்றன.

இந்த எல்லை "இதற்குக் குறையாது" என்று மட்டுமே சொல்கிறது; அந்த அளவில் முடியும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. 12 எண்களுக்கு 12! = 47,90,01,600 வரிசைகள், 2^29 = 53,68,70,912. கணக்குப்படி 29 ஒப்பீடு போதும். ஆனால் 29இல் முடிக்கும் முறை இல்லை, 30 வேண்டும் என்பதை மார்க் வெல்ஸ் 1965இல் கணினியில் தேடி நிறுவினார். இலைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் வரிசைகளை வேண்டிய அளவுக்குச் சமமாகப் பிரிக்கும் கேள்விகள் கிடைப்பதில்லை. மெர்ஜ் இன்செர்ஷன் அங்கே அந்த 30ஐத் தொடுகிறது, பைனரி இன்செர்ஷனுக்கு 33 ஆகிறது.