நாட் கேட்வே, நாட் இன்ஸ்டன்ஸ், பாஸ்டியன்: எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

பொது ஐபி முகவரி இல்லாத சர்வருக்கு இரண்டு வழிகள் தேவை. அப்டேட் இறக்கவும் வெளி ஏபிஐகளை அழைக்கவும் அது இணையத்துக்குப் போக வேண்டும். பழுது பார்க்க நாம் அதற்குள் நுழைய வேண்டும். போவதற்கு நாட், நுழைவதற்கு பாஸ்டியன் என்ற இடைச் சர்வர். நாட் கேட்வே வழியாக வெளியிலிருந்து யாரும் புதிய இணைப்பைத் தொடங்க முடியாது. பாஸ்டியனோ சர்வரின் போக்குவரத்தை வெளியே கொண்டுபோகாது. அதனால் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. போட்டி ஒவ்வொரு திசைக்குள்ளும்தான் இருக்கிறது. ஏ.டபிள்யூ.எஸ். சூழலை வைத்தே சொல்கிறேன்.

வெளியே போகும் திசையில், கட்டணத்துக்குக் கிடைக்கும் நாட் கேட்வே ஒன்று. ஒரு சிறிய லினக்ஸ் சர்வரை நாமே நாட் ஆக மாற்றிக்கொள்ளும் நாட் இன்ஸ்டன்ஸ் மற்றொன்று. இன்ஸ்டன்ஸுக்கு அந்தச் சர்வரின் வாடகைதான் முக்கியச் செலவு. ஆனால் அது விழுந்தால் எழுப்புவதும், பேட்ச் போடுவதும் நம் பொறுப்பு. கேட்வேயில் அந்தக் கவலை இல்லை. மணிக்கணக்கு வாடகையோடு, அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் உண்டு. எஸ்3க்குப் போகும் பேக்கப்கூட கேட்வே வழியாகப் போனால் பில் வீங்கும். எஸ்3க்கான கேட்வே எண்ட்பாயிண்ட் போட்டால் அந்தப் பகுதி இலவசம்.

செலவைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது, இணைப்பு சும்மா இருக்கும் நேரத்தை. நாட் கேட்வே 350 விநாடிகள் எந்தப் பாக்கெட்டும் வராத டிசிபி இணைப்பை மறந்துவிடும். லினக்ஸ் இன்ஸ்டன்ஸில் கெர்னலின் இயல்பான வரம்பு 4,32,000 விநாடிகள், அதாவது 5 நாட்கள். இன்ஸ்டன்ஸில் ஒழுங்காக ஓடியது கேட்வேக்கு மாற்றிய பிறகு ஏன் தொங்குகிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

ஓர் உதாரணம். நம் நிரல் ஒரு வெளி ஏபிஐயிடம் அறிக்கை கேட்கிறது. அது தயாராக 8 நிமிடம், அதாவது 480 விநாடி ஆகிறது. இடையில் ஒரு பைட்டும் வருவதில்லை. 350ஆவது விநாடியில் கேட்வே இணைப்பை மறக்கிறது. 480ஆவது விநாடியில் பதில் வரும்போது அதை யாருக்குக் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, கைவிட்டுவிடும். நம் நிரலுக்கு எந்தத் தகவலும் வராது, காத்துக்கொண்டே இருக்கும். அது மீண்டும் ஏதாவது அனுப்பினால்தான் கேட்வேயிடமிருந்து ரீசெட் வந்து, `Connection reset by peer` என்று தெரியும். சரிசெய்ய, கீப்அலைவை முன்கூட்டியே அனுப்ப வைக்க வேண்டும்:

```
sysctl -w net.ipv4.tcp_keepalive_time=120
```

இதன் இயல்பு மதிப்பு 7,200 விநாடி. 350க்கு முன் அது ஒருபோதும் உதவாது. நிரலும் தன் சாக்கெட்டில் `SO_KEEPALIVE` வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த அமைப்பால் பயனில்லை. பலர் தவறவிடுவது இதைத்தான்.

உள்ளே நுழையும் திசைக்கு வருவோம். நாட் இன்ஸ்டன்ஸையே பாஸ்டியனாகவும் வைக்கலாம், ஒரு சர்வர் மிச்சம் என்று தோன்றும். நான் வேண்டாம் என்பேன். எல்லாப் போக்குவரத்தும் கடந்துபோகும் பெட்டியில் 22ஆவது போர்ட்டைத் திறப்பது அது. அங்கே ஒருவன் ரூட் ஆகிவிட்டால் இரண்டு வழிகளும் அவன் கையில்.

தனி பாஸ்டியன் வைத்தால், நம் அலுவலக முகவரிக்கு மட்டும் 22ஐத் திறந்து, இப்படி நுழையலாம்:

```
ssh -J admin@bastion admin@10.0.2.15
```

`-J` போட்டால் பாஸ்டியன் வெறும் குழாய்தான். சாவி நம் கணினியிலேயே இருக்கும், உரையாடலையும் பாஸ்டியனால் படிக்க முடியாது. `ssh -A` அப்படியல்ல, நாம் இணைந்திருக்கும் வரை, பாஸ்டியனில் ரூட் உரிமை உள்ளவர் நம் கணினியின் `ssh-agent`-ஐப் பயன்படுத்தி வேறு சர்வர்களுக்குள் போக முடியும்.

பாஸ்டியனுக்குப் போட்டி, ஏ.டபிள்யூ.எஸ். தரும் செஷன் மேனேஜர். உள்வரும் போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவும் கிடைக்கும். ஆனால் சர்வரிலுள்ள ஏஜென்ட் தானே வெளியே 443 வழியாகப் பேசுவதால்தான் இது நடக்கிறது. நாட் வழியாக மட்டும் அது பேசினால், ரூட் டேபிளில் நாட் நோக்கிப் போகும் `0.0.0.0/0` வரியை யாராவது தவறாக மாற்றிய அன்று சர்வரின் இணையமும் போகும், அதைச் சரிபார்க்க நுழையும் வழியும் போகும். பாஸ்டியன் அதே விபிசிக்குள் உள் முகவரி வழியே போவதால் அன்றும் வேலை செய்யும்.

என் தேர்வு செஷன் மேனேஜர்தான், ஆனால் `ssm`, `ssmmessages` இரண்டுக்கும் விபிசி எண்ட்பாயிண்ட் போட்ட பிறகு. அதற்கும் தனி வாடகை உண்டு. அந்தச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் சிறிய பாஸ்டியன் போதும். எதை எடுத்தாலும், சோதனைச் சூழலில் ரூட் டேபிளின் அந்த `0.0.0.0/0` வரியை ஒருமுறை நீக்கிவிட்டு, புதிதாக ஒரு செஷன் திறந்து பாருங்கள். ஷெல் கிடைத்தால் நுழைவழி நாட்டை நம்பி இல்லை.