விடியற்காலை நாலா, சாயங்காலம் ஏழா, ராத்திரி பதினொன்றா: கணக்கை எங்கே வைப்பது?

எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "காலையில நாலு மணிக்கு எழுந்து படிக்கிறானா?" என்றுதான். கே.வி.குப்பத்தில் இருக்கிற என் அக்கா வீட்டிலும் அதே கதை. அக்கா மகன் காட்பாடியில் படிக்கிறான், பள்ளி விட்டு பஸ் பிடித்து வீடு வந்து சேர அஞ்சரை ஆகிவிடும். கணக்கில்தான் தடுமாற்றம். எந்த நேரத்தில் உட்கார்ந்தால் கணக்கு நிற்கும் என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், அதனால் மூன்று நேரத்தையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முறை எளிமையானது. தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் பாடத்திலிருந்து, அவன் இதுவரை போடாத ஆறு கணக்குகள், ஒரு மணி நேரம், புத்தகம் மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று நாள். முதல் கணக்கைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முடித்தான், தப்பு எப்படிப்பட்ட தப்பு, இதை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தான்.

விடியற்காலை நாலு மணி. அலாரம் அடித்தது, எழுந்தான், முகம் கழுவினான், டீ குடித்தான், உட்கார்ந்தான். மூன்று நாளும் முதல் கணக்கே இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தது. கேள்வியை மூன்று தரம் படித்திருக்கிறான், படம் வரையவில்லை, எந்த எல்லைக்குள் தொகையிட வேண்டும் என்பதே மனசில் ஏறவில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. உடம்பின் உள்வெப்பம் இரவில் இறங்கிக்கொண்டே வந்து விடியலுக்கு முந்தைய அந்த மணிகளில்தான் அடிமட்டத்துக்குப் போகிறது, விழிப்பும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. தவிர, எழுந்தவுடன் மூளை முழுசாகத் தெளிய அரை மணி நேரம் போல ஆகும், தூக்கம் குறைவாக இருந்தால் இன்னும் கூட இழுக்கும். இவன் படுத்தது பத்தரை. ஆக அஞ்சரை மணி நேரத் தூக்கம். இந்த வயசுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள், அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதை வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்றால் எப்படி? அதோடு பதின்ம வயசில் தூக்கம் வரவைக்கிற மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. "ஒம்பதுக்கே படுடா" என்றால் படுப்பான், ஆனால் தூக்கம் வராது, புரண்டுகொண்டிருப்பான்.

ராத்திரி பதினொன்று வேறு மாதிரி ஏமாற்றியது. வீடு அமைதி, யாரும் கூப்பிட மாட்டார்கள், அவனுக்கே அதுதான் பிடித்த நேரம். கணக்கைச் சீக்கிரம் பிடித்தான், ஆறில் நாலு, அஞ்சு முடித்தான். ஆனால் திருத்திப் பார்த்தால் பகுதித் தொகையிடலில் கழித்தல் குறி கூட்டலாகியிருக்கிறது, கீழ் எல்லையைப் போட்டுக் கழிக்க மறந்திருக்கிறான். முறை தெரியும், கை தவறுகிறது. களைப்பின் அடையாளம் இதுதான், புரியாமல் செய்கிற தப்பிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் இதற்கு மறுபடி பாடம் நடத்திப் பயனில்லை, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். மறுநாள் பள்ளியில் முதல் இரண்டு பீரியடும் தூங்கி வழிந்தான் என்பதையும் கணக்கில் சேர்க்கணும்.

சாயங்காலம் ஆறே முக்காலிலிருந்து எட்டேகால் வரைதான் அவனுக்கு நல்ல நேரம் என்று நோட்டே சொல்லிவிட்டது. முதல் கணக்கு எட்டு நிமிடம், பத்து நிமிடத்துக்குள். மூன்று நாளில் இரண்டு நாள் ஆறையும் போட்டுவிட்டான். பகல் சாப்பாட்டுக்குப் பின் வருகிற மந்தம் தீர்ந்து உடம்பு மறுபடி விழிக்கிற நேரம் அது, நம்மில் நிறையப் பேருக்கு அப்படித்தான்.

ஆனால் அந்த நேரத்தில் என்ன உட்கார்ந்திருந்தது தெரியுமா? வாரத்தில் நாலு நாள் வேதியியல் டியூஷன், மிச்ச நாளில் ரெக்கார்டு நோட் எழுதுவது. இதைப் பார்த்தபோது எனக்கு மனசே கேட்கவில்லை. தெம்பான ஒன்றரை மணி நேரத்தைப் படம் வரைந்து கலர் அடிக்கக் கொடுத்துவிட்டு, கணக்கைத் தூக்கச் சடவில் போடச் சொல்லியிருக்கிறோம்! டியூஷனில் சனி, ஞாயிறு காலை பேட்ச் ஒன்று இருந்தது, கேட்டு மாற்றிக்கொண்டோம். ரெக்கார்டு, ஒரு மதிப்பெண் வினாக்கள், தமிழ் மனப்பாடப் பாட்டைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் ஒன்பதிலிருந்து பத்துக்குள் போய்விட்டது, அதற்குப் பாதித் தெம்பு போதும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான பாடம் வேறு, கஷ்டமான வேலை வேறு. கணக்கு நோட்டைப் பார்த்துக் காப்பி செய்வதும் கணக்குப் படிப்புதான், ஆனால் அதை ராத்திரி பத்துக்கும் செய்யலாம். புதுக் கணக்கைப் புத்தகம் மூடிப் போடுவதுதான் தெம்பான நேரத்தைக் கேட்கிறது. அட்டவணையில் வெறுமனே "கணக்கு" என்று எழுதினால் பிள்ளை சுலபமானதைத்தான் எடுப்பான். "பயிற்சி 9.8, புதுக் கணக்கு ஆறு" என்று எழுத வேண்டும். ஐம்பது நிமிடம், பத்து நிமிட இடைவெளி, பிறகு முப்பது நிமிடம். அதற்கு அடுத்த அரை மணியைக் காலியாக விட்டோம், பஸ் தாமதமானால் எல்லாம் அதில் தள்ளிப் போகும்.

இடமும் இதில் சேர்த்திதான். முதலில் மாடி அறையில் உட்கார வைத்தோம், பிப்ரவரி கடைசியிலேயே சிக்கல் வந்தது. வேலூர் வெயிலைத்தான் தெரியுமே, பகல் முழுக்கக் காய்ந்த காங்கிரீட் தளம் ராத்திரி ஒன்பது வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், நோட்டில் கை ஒட்டுகிறது. கீழே பின்கட்டுத் திண்ணைக்கு மாற்றியதும் சரியானது.

அப்படியென்றால் விடியற்காலைப் படிப்பு தப்பா? இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் பொருந்துகிறது. அவள் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேன் ஏறுகிறவர், அந்த வீடே எட்டரைக்கு அடங்கிவிடும். அவள் ஒன்பதுக்குத் தூங்கி அஞ்சுக்கு எழுந்து, ஐந்தரையிலிருந்து ஏழு வரை இயற்பியல் கணக்குப் போடுகிறாள், எட்டு மணி நேரம் தூங்கின முகம் அது. வீடு முழுக்க அந்த ஓட்டத்தில் இருந்தால் காலை வெல்லும். ஒன்பதரை வரை டிவி ஓடுகிற வீட்டில் பிள்ளையை மட்டும் நாலுக்கு எழுப்பினால் தூக்கம்தான் போகும், கணக்கு வராது.

சாயங்காலத்துக்கும் ஒரு குறை இருக்கிறது. பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு, முதல் கால் மணி நேரம் வினாத்தாள் படிக்கவும் விவரம் எழுதவும், பிறகு 1.15 வரை எழுத வேண்டும். ஏழு மணிக்குப் பழகின மூளை அங்கே தயங்கலாம். அதனால் கடைசி மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை டியூஷனை விட்டுவிட்டு, பத்திலிருந்து ஒன்றேகால் வரை ஒரு முழு வினாத்தாள் எழுத வைக்கிறோம், நடுவில் எழாமல். போன ஞாயிறு முதல் தாள் எழுதினான். பன்னிரண்டரைக்கு மேல் போட்ட இரண்டு கணக்கில் மறுபடி அதே கழித்தல் குறித் தப்பு. வருகிற ஞாயிறு ஐந்து மதிப்பெண் கணக்குகளை முதலில் போட்டுவிட்டு, ஒரு மதிப்பெண் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.