தோப்புக் குத்தகை: ஒரே தொகையா, வருசா வருசம் ஏறும் தொகையா?

பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பத்து வருசக் குத்தகைக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருசம் 1,10,000 ரூபாய், கடைசிவரை அதே தொகை. மற்றவர், "முதல் வருசம் 80,000 தர்றேனுங்க, அப்புறம் வருசத்துக்கு 8,000 ஏத்தித் தர்றேன்" என்கிறார். இருவரும் பணம் தருவது வருசக் கடைசியில்.

கூட்டிப் பார்த்தால் முதலாமவர் 11,00,000, இரண்டாமவர் 11,60,000. அறுபதாயிரம் கூட வருகிறதே என்று இரண்டாமவருக்குத் தலையாட்டத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் பிந்தித்தான் வருகிறது. ஐந்தாம் வருசம்தான் அவர் தொகை 1,10,000-ஐத் தாண்டும், மொத்த வரவு முந்துவதோ ஒன்பதாம் வருசம். பிந்தி வரும் பணத்தை வட்டிக்கு ஏற்பக் குறைத்துப் பார்த்தால் கிடைக்கும் இன்றைய மதிப்பு இதோ:

```
v = 1/(1+i)
a = (1 − v^n)/i
PV = P·a + Q·(a − n·v^n)/i
```

PV இன்றைய மதிப்பு, P முதல் வருசத் தொகை, Q ஏற்றம், i வட்டி, n வருசம், a என்பது வருசா வருசம் ஒரு ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு. 10% வட்டிக்கு a = 6.1446, ஏற்றத்தின் பெருக்கு எண் 22.8913. ஏறும் குத்தகை: 4,91,565 + 1,83,131 = 6,74,696. ஒரே தொகை: 6,75,902. அறுபதாயிரம் முன்னிலை போய், ஆயிரத்திச் சொச்சம் பின்தங்கிவிட்டது!

தீர்ப்பு வட்டியின் கையில். 8% வைத்தால் ஏறும் குத்தகை சுமார் 6,500 முந்தும். 12% வைத்தால் சுமார் 7,500 பிந்தும். இரண்டும் சமமாவது சுமார் 9.7 சதவீதத்தில். வங்கியில் போட்டுவைக்கிற ஆள் ஏறும் தொகையை வாங்கலாம். அந்தப் பணத்தால் 9.7 சதவீதத்தைவிடக் கூடுதல் வட்டிக் கடனை அடைக்கப்போகிறவருக்கு ஒரே தொகைதான் லாபம்.

கணக்குத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பாடநூல்களில் வரும் (Ia) பெருக்கு எண், ஏற்றம் முதல் வருசமே தொடங்குவதாக எடுத்துக்கொள்வது. 10 சதவீதத்தில் அது 29.0359. அதை 8,000-ஆல் பெருக்கி 80,000-இன் மதிப்போடு கூட்டினால் 7,23,852 வரும். 49,000-க்கு மேல் அதிகம், ஏனென்றால் முதல் வருசமே 88,000 வந்ததாக ஆகிவிடுகிறது. (Ia) எண்ணைத்தான் போட வேண்டுமென்றால் 80,000-க்குப் பதில் 72,000 போடுங்கள். பழைய விடையே வரும். சந்தேகமிருந்தால் பத்துத் தொகையையும் எக்செல்லில் வரிசையாக எழுதி `=NPV(10%,B1:B10)` கொடுத்துப் பாருங்கள். அதுவும் வருசக் கடைசிக் கணக்குதான். வருச ஆரம்பத்திலேயே பணம் கை மாறினால் விடையை 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் முன்பணமாகவும் மற்றவர் கடைசியிலும் தந்தால் முன்பணக்காரர் எளிதாக ஜெயிப்பார்.

"பத்து சதவீதம் ஏத்தறேன்" என்றால் எதன்மேல் என்று கேளுங்கள். முதல் தொகையின் மேல் என்றால் பத்தாம் வருசம் 1,52,000. முந்தைய வருசத் தொகையின் மேல் என்றால் 1,88,636.

இந்தப் பக்கத் தோப்புகளில் வேர்வாடல் நோய் இருக்கிறது. காய்ப்புக் குறைந்து குத்தகைதாரர் எட்டாம் வருசத்தோடு விலகினால், ஏறும் குத்தகையில் வட்டி பார்க்காமலே ஒரே தொகையைவிட 16,000 நட்டம். அதனால் இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது என் ஓட்டு 1,10,000-க்குத்தான்.